மீன் பண்ணையில் மருந்துத் தீவனமா, தடுப்பூசியா?

நோய் வந்ததும் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து போடுவது சுலபம். ஆனால் நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான். மருந்து பெரும்பாலும் நல்ல மீனுக்கே போகிறது. தின்னாத தீவனமும் கழிவும் அடிமண்ணில் படிய, அங்கே மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ வளையம் வழியாக வேறு பாக்டீரியா இனங்களுக்கும் கொடுத்துவிடும். அப்புறம் தண்ணீர், மீனைக் கையாளும் கை, சரியாக வேகாத மீன் வழியே அது மனிதக் குடலுக்கு வரலாம்.

தடுப்பூசியோ ஒவ்வொரு இளமீனின் வயிற்றிலும் போட வேண்டிய வேலை. மிகச் சிறிய குஞ்சுக்குப் போட முடியாது, எல்லா நோய்க்கும் ஊசி இல்லை. இருந்தும் என் தேர்வு இதுதான். நார்வே மீன் பண்ணைகள் 1987-இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. தடுப்பூசி பரவியபின், சால்மன் உற்பத்தி பல மடங்கு கூடியும், சமீப ஆண்டுகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் குறைவு.