மார்ஜினை யார் தலையில் கட்டுவது? ஆட்ஸிலிருந்து நிகழ்தகவை எடுக்கும் நான்கு வழிகள்

ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் பந்தயம் ஏற்கும் புக்மேக்கர் இப்படி ஆட்ஸ், அதாவது கட்டிய ஒரு ரூபாய்க்கு ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: சொந்த மைதானத்தில் ஆடும் பலமான அணி 1.25, டிரா 6.00, வெளியூர் அணி 11.00. தசம ஆட்ஸை நிகழ்தகவாக்க ஒன்றை அதனால் வகுத்தால் போதும். 1/1.25 என்பது 80 சதவீதம், 1/6 என்பது 16.67, 1/11 என்பது 9.09. மூன்றையும் கூட்டினால் 105.76 வருகிறது. நடக்கக்கூடியவை இந்த மூன்றுதான், ஆகவே கூட்டல் 100 வந்திருக்க வேண்டும். மிஞ்சி நிற்கும் அந்த 5.76தான் புக்மேக்கர் உள்ளே வைத்திருக்கும் மார்ஜின்.

இதை எடுத்துவிட்டால் சந்தையின் உண்மையான மதிப்பீடு கிடைக்கும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த முடிவிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. 105.76 என்ற கூட்டுத்தொகை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் மூன்று முடிவுகளும் ஆளுக்கு எவ்வளவு சுமக்கின்றன என்பது தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பங்கைப் பற்றிய ஓர் ஊகம்தான்.

மேலே உள்ள ஆட்டத்துக்கு நான்கு முறைகளும் தரும் விடைகள், சதவீதத்தில்:

| முறை | சொந்த மைதான அணி | டிரா | வெளியூர் அணி |
|---|---|---|---|
| விகித முறை | 75.6 | 15.8 | 8.6 |
| கழித்தல் முறை | 78.1 | 14.7 | 7.2 |
| அடுக்கு முறை | 78.4 | 14.2 | 7.3 |
| ஷின் முறை | 77.5 | 15.0 | 7.6 |

விகித முறைதான் எல்லோரும் முதலில் கற்பது. மூன்றையும் 1.0576 ஆல் வகுத்தால் வேலை முடிந்தது. ஆனால் இதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. 100 ரூபாயை எந்த முடிவின்மேல் கட்டினாலும் சராசரி நட்டம் ஒன்றே, அதாவது 5.44 ரூபாய், என்று இது சொல்கிறது. ஃபேவரிட்டான சொந்த மைதான அணிமேல் கட்டினாலும் அதே நட்டம், 11.00 ஆட்ஸ் உள்ள அணிமேல் கட்டினாலும் அதே நட்டம்.

அப்படி இல்லை என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். 1949இலேயே அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களை ஆராய்ந்த உளவியலாளர் கிரிஃபித், ஜெயிக்க வாய்ப்பு குறைந்த குதிரைகள்மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்றும், பலமான குதிரைகளுக்குரிய மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள் என்றும் காட்டினார். கால்பந்து, டென்னிஸ் சந்தைகளிலும் இதே சாய்வு மறுபடி மறுபடி காணப்பட்டிருக்கிறது. சாய்வு இருக்கும் இடத்தில் விகித முறையைப் போட்டால் வெளியூர் அணியின் வாய்ப்பு கூடுதலாகவும் ஃபேவரிட்டின் வாய்ப்பு குறைவாகவும் தெரியும்.

கழித்தல் முறை மிஞ்சிய 5.76ஐ மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் 1.92ஐக் கழிக்கிறது. இதன்படி 100 ரூபாய்க்கு நட்டம் ஃபேவரிட்டில் சுமார் 2.40, வெளியூர் அணியில் 21 ரூபாய். சாய்வை இது கணக்கில் எடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் இது உடைந்துபோகும். மார்ஜின் 15 சதவீதம் என்றால் ஒவ்வொரு குதிரையிலும் 1.5 கழிய வேண்டும். 101 ஆட்ஸ் உள்ள குதிரையிடம் இருப்பதே 0.99 சதவீதம்தான். கழித்தால் நிகழ்தகவு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். விடையில் மைனஸ் குறியைப் பார்த்தாலே முறை தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுக்கு முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு நிகழ்தகவையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, கூட்டல் சரியாக 1 வரும்படி அந்த அடுக்கைத் தேடுகிறோம். 0.8ஐ அடுக்கினால் கொஞ்சமே குறையும், 0.09ஐ அடுக்கினால் அதன் அளவுக்கு நிறையவே குறையும். விடை ஒருபோதும் 0க்குக் கீழோ 1க்கு மேலோ போகாது. கணினியில் ஐந்து வரி போதும்:

```python
from scipy.optimize import brentq
odds = [1.25, 6.00, 11.00]
q = [1/o for o in odds]
k = brentq(lambda k: sum(x**k for x in q) - 1, 1, 3)
print(k, [x**k for x in q])
```

இங்கே அடுக்கு சுமார் 1.089 வருகிறது. நட்டத்தைப் பார்த்தால் ஃபேவரிட்டில் 2 ரூபாய், வெளியூர் அணியில் 19 ரூபாய்.

நான்காவது ஷின் முறை. ஹியூன் சாங் ஷின் என்ற பொருளாதார அறிஞர் 1992, 1993இல் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தது. மற்ற மூன்றும் கணக்கு உத்திகள் மட்டுமே. இது மட்டும்தான் மார்ஜின் ஏன் வருகிறது என்று காரணம் சொல்கிறது. பணம் கட்டுபவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும் என்று புக்மேக்கர் பயப்படுகிறார். 11.00 ஆட்ஸில் அப்படி ஒருவர் ஜெயித்தால் இழப்பு பெரிது, 1.25இல் சிறிது. அதனால் பெரிய ஆட்ஸைத்தான் அவர் அதிகமாக வெட்டுகிறார். நம் ஆட்டத்தில் அந்தப் பங்கு 3 சதவீதம் என்று வருகிறது. இன்றைய கால்பந்துச் சந்தையில் 100க்கு 3 பேருக்கு உள்தகவல் இருக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. புக்மேக்கரின் செலவு, லாபம் எல்லாமே அந்த ஓர் எண்ணுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. இரண்டே முடிவுகள் உள்ள டென்னிஸ் போன்ற ஆட்டங்களில் ஷின் முறையும் கழித்தல் முறையும் துல்லியமாக ஒரே விடையைத் தரும். அங்கே ஷினுக்காக மெனக்கெட வேண்டியதில்லை.

சமபலமான இரண்டு கிரிக்கெட் அணிகளுக்கு 1.90, 1.90 என்று இருந்தால் எந்த முறையில் போட்டாலும் 50தான். அங்கே விகித முறையே போதும். ஒரு பக்கம் 1.40க்குக் கீழே இறங்கிவிட்டால் விகித முறையை நான் தொடுவதில்லை. மூன்று முடிவுகள் உள்ள கால்பந்துக்கு ஷின் அல்லது அடுக்கு, பல குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு அடுக்கு என்பது என் தேர்வு. இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பதும் பயனுள்ளது. நம் ஆட்டத்தில் ஃபேவரிட்டுக்கு 77.5, 78.4 என்று வந்திருக்கிறது. மதிப்பீட்டில் ஒரு சதவீதம் வரை ஐயம் இருக்கிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

எந்த முறையையும் போடும் முன் கூட்டல் எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். லீகில் முதல் நான்கு இடங்களுக்குள் வரும் அணிகள் என்ற சந்தையில் நான்கு அணிகள் ஜெயிக்கும், ஆகவே கூட்டல் 4 வர வேண்டும், 1 அல்ல. வெவ்வேறு புக்மேக்கர்களிடமிருந்து ஆகச்சிறந்த ஆட்ஸைப் பொறுக்கிச் சேர்த்தால் கூட்டல் 100க்குக் கீழேகூட இறங்கும். அதில் எடுக்க மார்ஜினே இருக்காது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்த ஆட்ஸ்தான் வேண்டும்.

எந்த முறை சரி என்று சோதிக்க football-data.co.uk தளத்தின் CSV கோப்புகள் உதவும். ஐரோப்பிய லீக் ஆட்டங்களின் முடிவுகளோடு ஆட்ஸும் அதில் இருக்கும். B365H, B365D, B365A என்ற பத்திகளில் ஒரே புக்மேக்கரின் மூன்று ஆட்ஸும் கிடைக்கும். வெளியூர் அணிக்கு 10 முதல் 12 வரை ஆட்ஸ் உள்ள ஆட்டங்களை மட்டும் பிரித்து, ஒவ்வொரு முறையும் எத்தனை வெற்றிகளை எதிர்பார்க்கிறது என்று கூட்டி, உண்மையில் நடந்த வெற்றிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு சீசனை வைத்து முடிவு கட்ட முடியாது. எல்லாமே நம் உதாரணம் போன்ற 400 ஆட்டங்கள் என்றாலும் விகித முறை 34 வெற்றிகளை எதிர்பார்க்கும், அடுக்கு முறை 29ஐ. தற்செயலாலேயே ஐந்தாறு வெற்றி கூடலாம், குறையலாம் என்பதால் இந்த வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடும். 4,000 ஆட்டங்கள் சேர்ந்தால் 344க்கும் 294க்கும் இடையே 50 வெற்றிகள் வித்தியாசம் நிற்கும். தற்செயல் ஏற்ற இறக்கமோ அப்போது சுமார் 17தான்.