கதவு மூடியிருக்கு, லைட் மட்டும் அணையல: திருநெல்வேலியில் பார்த்த ஒரு ரிப்பேர்

சிங்கப்பூரில் பலரும் காரைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. அங்கே கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழின் ஆயுசே பத்து வருஷம். அதைப் புதுப்பிக்கிற செலவை நினைத்தே வண்டியைக் கழித்துவிடுவார்கள். அதனால் வயசான கதவு லாக் என்னென்ன சேட்டை செய்யும் என்று பார்க்க எனக்கு ஊருக்கு வரவேண்டியிருந்தது. அப்பாவின் ஹேட்ச்பேக்குக்கு வயசு பதினொன்று. நாலு கதவும் டிக்கியும் இறுக்கமாக மூடியிருக்கும். ஆனாலும் மீட்டரில் இரண்டு பக்கமும் கதவு விரித்த கார் படம் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். வேகம் எடுத்தால் பீப் சத்தம் வேறு. ரிமோட்டில் பூட்டினால் பூட்டாமல் கத்தும்.

அப்பா கண்டுபிடித்த வைத்தியம், கூரை லைட்டின் சுவிட்சை OFF-இல் தள்ளி வைப்பது. அதுவும் சும்மா செய்ததில்லை. DOOR என்ற இடத்தில் விட்டால் கதவு திறந்திருப்பதாக நினைத்து அந்த லைட் ராத்திரி பகலாக எரியும். ஐந்து வாட் பல்புதான், ஆனால் ஒரு நாள் முழுக்க எரிந்தால் பத்து ஆம்பியர்-அவர் போய்விடும். சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று நாளில் செல்ஃப் எடுக்காத நிலைக்கு வந்துவிடும். புதிய வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் லைட்டைத் தானே அணைக்கும் வசதி உண்டு. இதில் இல்லை.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். ஏசி ஹால், காபி, டேப்லெட்டில் கையெழுத்து, எல்லாம் ஜோர். ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் கதவு மூடியிருக்கு, மற்ற கதவுகளில் ஏதோ ஒன்று திறந்திருக்கு" என்றார்கள். இந்த வண்டியில் டிரைவர் கதவுக்குத் தனி வயர், மற்றதெல்லாம் சேர்த்து ஒரே வயர். ஆக, ஸ்கேனருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஃபால்ட் கோடும் வரவில்லை. கதவு திறந்திருப்பது ஒரு கோளாறா என்ன, வண்டியின் கணக்கில் அது சாதாரணச் செய்திதானே. மூன்று லாக்கையும் மாற்றிவிடலாம், பாகம் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாமலே மூன்றையும் மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஓட்டுக் கொட்டகை, ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான் கடை. அவர் வண்டியைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, மீட்டர் லைட் எப்பவுமே எரியுதா, இல்ல குண்டுல விழுந்தா அணைஞ்சு எரியுதா?" சில நேரம் கண் சிமிட்டும் என்றார் அப்பா. உடனே என்னை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். பின்பக்க இடது கதவைத் தட்டியபோது படம் ஒரு நொடி அணைந்தது.

அங்கிருந்து அவர் செய்தது பார்க்க வேண்டிய வேலை. கதவைத் திறந்து வைத்து, கதவு ஓரத்தில் இருக்கும் லாக்கின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளினார். 'டிக்' என்று ஒரு சத்தம், இன்னும் தள்ள இன்னொரு 'டிக்'. முதல் டிக், கதவு பாதி மாட்டிய நிலை. இரண்டாவது, முழுசாக மாட்டிய நிலை. லாக்குக்குள் இருக்கும் குட்டி சுவிட்ச் இந்த இரண்டாவது டிக்கில்தான் மாற வேண்டும். மீட்டருக்குக் கதவு தெரியாது, அந்த சுவிட்ச் மட்டும்தான் தெரியும். இரண்டு டிக்கும் கேட்டது, லைட் அணையவில்லை. "அப்ப கதவு சாயலை, கொக்கியும் சரியாத்தான் இருக்கு. வயரா சுவிட்சான்னு பார்க்கணும்" என்றார். ஒருவேளை லைட் அணைந்திருந்தால் சுவிட்ச் நல்லது என்று அர்த்தம். தூணில் இருக்கும் கொக்கியை ஒரு நூல் உள்ளே தள்ளி முடுக்கினால் போதும். (வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள், கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்து சாத்தினால் லாக்கும் கொக்கியும் முட்டி நசுங்கும்.)

பிறகு டோர் பேடைக் கழற்றி, லாக்குக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கினார். லைட் அணைந்துவிட்டது. இந்த வண்டியில் கதவு திறந்தால் சுவிட்ச் அந்த வயரை பாடி எர்த்தோடு சேர்க்கும், மூடினால் பிரிக்கும். கனெக்டரைப் பிடுங்கியதும் அணைந்தது என்றால் வயரில் தப்பில்லை, லாக்குக்குள்தான் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணையாமல் இருந்திருந்தால், கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாயில் மடங்கி மடங்கி உரிந்த வயரைத் தேடியிருப்பார். எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சிலதில் இது தலைகீழ், வயர் அறுந்தாலே கதவு திறந்ததாகக் காட்டும்.

லாக்கைப் பிடித்திருந்த மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்தால், உள்ளே கிரீஸ் கறுப்புக் களிம்பாக இறுகிக் கிடந்தது. வருஷக்கணக்கான தூசி அதில் ஒட்டி, சுவிட்சைத் தள்ளும் சின்ன நெம்பு திரும்பி வராமல் மாட்டிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை இரண்டு பின்னில் வைத்துக் காட்டினார். உள்ளே சுவிட்ச் சேர்ந்திருந்தால் அது பீப் அடிக்கும். நாக்கைத் தள்ளினாலும் விட்டாலும் பீப் நிற்கவே இல்லை. கிளீனர் அடித்து, பிரஷ் போட்டு, நாக்கை முப்பது நாற்பது தடவை ஆட்டிய பிறகு பீப் ஒழுங்காக நின்று வந்தது. காய்ந்ததும் வெள்ளை கிரீஸ் லேசாகப் பூசினார். துருநீக்கும் ஸ்பிரே மட்டும் அடித்தால் பழைய கிரீஸ் கரைந்து இன்னும் உள்ளே போகும், ஒரு மாசத்தில் பழைய கதைதான் என்றார். முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்.

"வயரைப் பிடுங்கியே விட்டுட்டா என்ன?" என்று அப்பா கேட்டார். படம் அணையும், உண்மைதான். ஆனால் பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்து கதவு பாதி மாட்டியிருந்தாலும் மீட்டர் வாயைத் திறக்காது. அவர் அப்படிச் செய்துதர மாட்டேன் என்றார்.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு எஸ்யூவி. அதில் பானெட் படம் எரிகிறது, சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணையும் வசதியும் வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே நோய். பானெட் திறந்திருப்பதாகத் தெரிந்தால், கை உள்ளே இருக்கலாம் என்று வண்டி அந்த வசதியை நிறுத்திவிடும். பானெட் லாக் கிரில்லுக்குப் பின்னால் மழையும் சேறும் நேரே படும் இடத்தில் இருப்பதால் அங்கே சுவிட்ச் சீக்கிரம் போகும். டிக்கியில் பெரும்பாலும் கீல் பக்கத்து வயர்தான் முதலில் அறும் என்றார். ஓடும்போது பானெட் படம் திடீரென்று வந்தால் மட்டும் சென்சார்தானே என்று இருந்துவிடக் கூடாது. ஓரங்கட்டி, பானெட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அடுத்த மழைக்குத் திரும்பவும் ஒட்டினால் அந்த ஒரு லாக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அது பின்பக்க இடது கதவுக்கானது என்று அப்பா சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.