எண்ணிக்கையா, கன அளவா? ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டி’

“ஏனுங்க டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் நீர்க்கட்டின்னு எழுதிப்போட்டாங்களே, கல்யாணம் பேசற நேரத்துல இப்படியா?” கோபி பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினார். பெரியவளுக்கு 26 வயது, வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கூடவே 18 வயதுத் தங்கையும் வந்திருந்தாள்.

அந்தப் படத்தில் இருப்பவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப்பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மி.மீ. பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறின் அடையாளத்தை ஸ்கேனில் தேட, இவற்றை எண்ணுவது ஒரு வழி, சினைப்பையின் கன அளவைப் பார்ப்பது இன்னொரு வழி.

எண்ணுவதுதான் துல்லியம், ஆனால் அதற்குப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் வேண்டும். 2003-இல் ஒரு சினைப்பையில் 12 இருந்தாலே போதும் என்றார்கள். நல்ல மெஷின்கள் வந்தபின் நோயில்லாதவர்களுக்கும் அத்தனை தெரிந்ததால், 2018-இல் வரம்பு 20 ஆனது. பழைய 12-ஐ வைத்தே இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு.

நம் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேன் எடுப்பதில்லை. தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றின் மேல்தான் பார்க்கிறோம். அதில் முட்டைப்பைகளைச் சரியாக எண்ண வராது, அதனால் நான் கன அளவைத்தான் நம்புவேன். 10 மி.லி. எட்டினால் பெரிய சினைப்பை. ஆனால் இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. பெரியவளின் வலது சினைப்பை 3.6, 2.8, 1.9 செ.மீ. மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 9.6. பல மெஷின்கள் பாதிக்குப் பதில் 0.523-ஆல் பெருக்கும், அப்போது 10.0. அதே சினைப்பைதான், கோட்டைத் தாண்டிவிட்டது! கருமுட்டை வெளிவரும் சமயத்தில் 10 மி.மீ.க்கு மேல் ஒரு பை வளர்ந்திருந்தாலும் அளவு கூடும். அப்படியென்றால் அடுத்த சுழற்சியில் மறுபடி பார்க்க வேண்டும்.

சரி, 10 என்றே வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு எப்படி என்று கேட்டேன். 29, 30 நாளுக்கு ஒருமுறை, தவறியதில்லை. முகத்தில் முடியில்லை, ரத்தத்தில் ஆண் ஹார்மோனும் சரியாக இருந்தது. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தால்தான் பி.சி.ஓ.எஸ். இவளுக்கு ஒன்றுதான்.

தங்கைதான் யோசிக்க வைத்தாள். வயதுக்கு வந்து 5 வருஷமாகியும் விலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். தாடையில் தடித்த முடி, அதை வாரம் ஒருமுறை நூல் வைத்து எடுக்கிறாளாம். “இவளுக்கும் ஸ்கேன் பார்த்துருங்க” என்றார் அம்மா. வேண்டாம் என்றேன். வயதுக்கு வந்து 8 வருஷம்வரை சினைப்பை இயல்பாகவே இப்படித் தெரியும், படம் எதையும் சொல்லாது. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் சுரப்பி தொடர்பான 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்தேன். அவற்றில் வேறு காரணம் இல்லையென்றால், ஸ்கேனே இல்லாமல் நோய் இவளுக்குத்தான்.