30,000 ரூபாய் பில்லுக்கு 37,500 கட்டினேன்: வாரத் தவணையில் வாங்குகிறவர்கள் படியுங்கள்

நேற்று சனிக்கிழமை கடைசித் தவணையைக் கட்டினேன். ராத்திரி அட்டையைக் கூட்டிப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

வீட்டு போர் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார், குழாய், கேபிள், இறக்குகிற கூலி எல்லாம் சேர்த்து பில் 30,000. எங்கள் பக்கத்து மோட்டார் கடை ஒன்றில் வாரத் தவணை உண்டு என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை என்று தயங்கினேன். கடைக்காரர், "முதல்ல தண்ணி வரட்டும் அக்கா, காசு எங்க போயிடப் போகுது" என்று அன்று சாயங்காலமே ஆளனுப்பி மோட்டாரை இறக்கிவிட்டார். குழாயில் தண்ணீர் கொட்டியபோது அவர் மேல் வந்த நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டேன்.

வாரம் 1,200, முப்பது வாரம். டாக்குமெண்ட் சார்ஜ் 1,500 முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "20 பர்சென்ட்தான்" என்றார். வருஷத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்த மஞ்சள் அட்டையில் முப்பது கட்டம், ஒவ்வொன்றிலும் வசூல் பையனின் கிறுக்கல் கையெழுத்து. வட்டி என்ற சொல்லே அதில் கிடையாது.

பதினைந்து வாரம் கழித்துச் சீட்டுப் பணம் வந்தது. மொத்தமாக முடித்துவிடலாம் என்று போனேன். "இன்னும் 18,000 கட்டணும்" என்றார்கள். சீக்கிரம் கட்டினால் குறையாதா என்றால், "சிஸ்டம்ல அப்படி இல்லக்கா." மறுவாரம் போனால் ஓனர் வெளியூர். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

கட்டியது 36,000, சார்ஜ் 1,500. கூடுதலாகப் போனது 7,500. அந்த 20 பர்சென்ட் வெறும் ஏழு மாதத்துக்கு, அதுவும் முழு 30,000 மேல். ஆனால் நான் வாராவாரம் அசலையும் அடைத்துக்கொண்டே வந்தேனே! சராசரியாக என்னிடம் இருந்த கடன் சுமார் 15,500தான். அதற்கு ஏழு மாதத்தில் 7,500 என்றால் மாதம் நூற்றுக்கு ஏழு ரூபாய் வட்டி. ஊரில் மூன்று வட்டிக்கே யோசிப்போம், நான் ஏழு வட்டி கட்டியிருக்கிறேன்.

எப்படிக் கணக்குப் போடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும் பாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் வாரத் தொகையை வாரங்களால் பெருக்கி, முன்பணமாகப் பிடிப்பதையும் கூட்டி, பில்லைக் கழித்துவிடுங்கள். பாதியில் முடித்தால் எவ்வளவு குறையும் என்பதை எழுதி வாங்குங்கள். கடன் கொடுப்பது வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ என்றால், 2024 அக்டோபர் முதல், சார்ஜ் எல்லாம் சேர்த்த வருட வட்டி விகிதத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தாளில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதைக் கேளுங்கள். மஞ்சள் அட்டை மட்டும்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

7,500 ரூபாய். என் மகளின் ஒரு டெர்ம் ஃபீஸ் அது.