முன் பெஞ்சா, மைக்கா, பயிற்சியா?

காது கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியோகிராம் நார்மல். ஆனால் நாலாம் வகுப்பில் மிஸ் "பக்கம் இருபத்தெட்டு" என்றால் பையன் இருபதாம் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறான். வீட்டில் தனியாகச் சொன்னால் எல்லாம் சரியாகக் கேட்கிறது. அமைதியான அறையில் மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதை மட்டுமே ஆடியோகிராம் சொல்லும். இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளைக்கு முடிகிறதா என்பதை அது அளப்பதில்லை.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது முன் பெஞ்ச். செலவில்லை, நாளைக்கே மாற்றலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸின் குரல் ஒரு மீட்டரில் 65 டெசிபல், மின்விசிறியும் பிள்ளைகள் பேச்சும் சேர்ந்து 60 என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். நாலு மீட்டர் தள்ளி அது 53, அதாவது இரைச்சலுக்கும் கீழே. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முன் பெஞ்சில் குரல் இரைச்சலைவிட 5 டெசிபல் மேலே நிற்கும். வகுப்பறைக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 15. அந்த 5-ம் மிஸ் போர்டு பக்கம் திரும்பும்வரைதான்.

ரிமோட் மைக் இந்தத் தூரத்தையே எடுத்துவிடுகிறது. ஆசிரியர் கழுத்தில் மைக், பிள்ளையின் காதில் சின்ன ரிசீவர். வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் குரல் 80 டெசிபலைத் தாண்டும். காது திறந்தே இருப்பதால் அறை இரைச்சலும் கொஞ்சம் கலக்கும். ஆனாலும் முன் பெஞ்ச் தருவதைவிட இது வெகு அதிகம். குறை எங்கே என்றால், பின்னால் இருக்கும் பையன் சொல்லும் பதில் மைக்கில் விழாது. ஆசிரியர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விலையும் அதிகம். மேல் வகுப்புப் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கழற்றிவிடுவதும் உண்டு.

கணினிப் பயிற்சிகள் விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். பெரும்பாலானவற்றில் விளையாட்டில் மதிப்பெண் ஏறும், வகுப்பில் கேட்பது அப்படியே இருக்கும். குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல பலன் காட்டிய பயிற்சி ஆஸ்திரேலியாவில் உருவானது. அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் லிஸ்ன்-எஸ் சோதனை ஆங்கில வாக்கியங்களில் இருக்கிறது. தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை அதை வைத்து எடைபோடக் கூடாது.

என் தேர்வு மைக்தான். அதற்கு முன் காதுக்குள் நீர் கோத்திருக்கிறதா, கவனக்குறைவா, மொழி வளர்ச்சியில் தாமதமா என்று பார்த்துவிட வேண்டும். இரைச்சலில் பேச்சைப் பிரிக்கும் திறனை அளக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஏழு வயதுக்குக் கீழே நம்ப முடியாது. மைக்கை வாங்கும் முன் சில நாள் இரவல் கேளுங்கள். வழக்கமான இடத்தில், விசிறி ஓடும்போதே, ஆசிரியரின் உதடு தெரியாமல் இருபது சொற்கள் டிக்டேஷன். பத்து மைக்கோடு, பத்து இல்லாமல். இரண்டிலும் ஒரே அளவு தப்பு வந்தால் வாங்காதீர்கள்.