இயல்நிலைச் சமன்பாடுகளா, செங்குத்து வீழலா? ஒரே கோட்டுக்கு இரண்டு வழிகள்

(0, 1), (1, 3), (2, 4), (3, 4) என்ற நான்கு புள்ளிகளுக்கு y = c + dt என்ற நேர்கோட்டைப் பொருத்த வேண்டும். நான்கையும் தொடும் கோடு கிடையாது. எச்சங்களின் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக இருக்கும் கோடுதான் நமக்கு வேண்டியது.

A என்ற அணிக்கு இரண்டு நிரல்கள்: முதலாவதில் எல்லாம் 1, இரண்டாவதில் 0, 1, 2, 3. அளவீடுகள் b = (1, 3, 4, 4). இந்த b, A-இன் நிரல் வெளிக்குள் இல்லை. அந்தத் தளத்தில் b-க்கு மிக அருகில் இருப்பது b-இன் செங்குத்து வீழல். x = (c, d) என்று எழுதினால், அப்போது எச்சம் r = b − Ax இரண்டு நிரல்களுக்கும் செங்குத்தாக நிற்கும், அதாவது AᵀAx = Aᵀb. இவைதான் இயல்நிலைச் சமன்பாடுகள். ஆக, இரண்டு வழிகளும் ஒரே கோட்பாட்டின் பிள்ளைகள். வேறுபாடெல்லாம் கணக்கிடும் முறையில்தான்.

முதல் வழியில் 4c + 6d = 12, 6c + 14d = 23 என்று வரும். அணிக்கோவை 56 − 36 = 20. தீர்த்தால் c = 1.5, d = 1.

இரண்டாவது வழியில் நிரல்களை முதலில் செங்குத்தாக்கிக்கொள்கிறோம். t-யிலிருந்து அதன் சராசரி 1.5-ஐக் கழித்தால் (−1.5, −0.5, 0.5, 1.5) கிடைக்கும், இது 1-களின் நிரலுக்குச் செங்குத்து. இதன் நீளத்தின் வர்க்கம் 5, b-யுடன் புள்ளிப் பெருக்கமும் 5. ஆகவே சாய்வு 1. b-இன் சராசரி 3 என்பதால் கோடு 3 + (t − 1.5). அதே கோடுதான். எச்சம் (−0.5, 0.5, 0.5, −0.5), இரண்டு நிரல்களுடனும் பெருக்கிப் பாருங்கள், பூஜ்யம் வரும்.

காகிதத்தில் இரண்டும் சமம். கணினியில் அப்படியில்லை. அதே அளவீடுகளை வைத்துக்கொண்டு, t-யை மட்டும் கணினிக் கடிகாரத்தின் விநாடி எண்ணாக மாற்றுவோம்: 1700000000 முதல் 1700000003 வரை. கோடு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சாய்வு இன்னும் 1, அணிக்கோவையும் இன்னும் 20. ஆனால் அந்த 20, ஏறத்தாழ 4.6 × 10¹⁹ அளவுள்ள இரண்டு எண்களின் வித்தியாசமாக வர வேண்டும். 64 பிட் மிதவைப்புள்ளி எண்கள் அந்த உயரத்தில் 8192 இடைவெளியில்தான் அமர்ந்திருக்கின்றன. கிடைப்பது 0 அல்லது 8192-இன் மடங்கு. 20-க்கு அங்கே இடமே இல்லை.

இதன் காரணம் வடிவியலில் இருக்கிறது. இப்போது இரண்டு நிரல்களுக்கும் இடைப்பட்ட கோணம் θ சுமார் 6.6 × 10⁻¹⁰ ரேடியன். AᵀA-வுக்குத் தெரிவது நீளங்களும் புள்ளிப் பெருக்கமும், அதாவது cos θ மட்டும். அது 1-இலிருந்து விலகுவது θ²/2, சுமார் 2 × 10⁻¹⁹. 1-ஐ ஒட்டி 10⁻¹⁶ வரைதான் கணினிக்குப் புலப்படும் என்பதால் கோணம் மறைந்துபோகிறது. செங்குத்தாக்கும் வழி sin θ-வை நேரடியாகக் கையாள்கிறது. 6.6 × 10⁻¹⁰ என்பதைச் சேமிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

```python
import numpy as np
t = 1700000000 + np.arange(4.0)
b = np.array([1., 3., 4., 4.])
u = t - t.mean()
print(u @ b / (u @ u))   # 1.0
```

AᵀA-வை ஒரு முக்கோண அணியாகவும் அதன் இடமாற்று அணியாகவும் பிரிக்கும் சோலெஸ்கி முறையில் இயல்நிலைச் சமன்பாடுகளைத் தீர்ப்பவருக்கு நல்ல காலம் என்றால், மூலைவிட்டத்தில் பூஜ்யமோ குறை எண்ணோ வந்து கணக்கு நின்றுவிடும். மிகை எண் வந்தால்தான் ஆபத்து: பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தவறான சாய்வு வந்து நிற்கும்.

அதற்காக இயல்நிலைச் சமன்பாடுகளை ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. m நிரைகளும் n நிரல்களும் இருந்து m மிகப் பெரிதாக இருந்தால், AᵀA-வை உருவாக்க ஏறத்தாழ mn² செயல்கள் போதும். நிரல்களைச் செங்குத்தாக்கும் ஹவுஸ்ஹோல்டர் முறை QR-க்கு இருமடங்கு. கோடிக்கணக்கான நிரைகள் ஒவ்வொன்றாக வந்தாலும் n × n அணியை மட்டும் கையில் வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம். நிரல்கள் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியிருந்தால் நான் இந்த வழியையே எடுப்பேன். t-யிலிருந்து ஒரு தொடக்க நேரத்தைக் கழித்துவிட்டாலே, மேலே சொன்ன சிக்கலும் தீர்ந்து, பழைய 4, 6, 14 திரும்பிவிடும்.

செங்குத்து வழிக்கும் எல்லை உண்டு. அதே விநாடி எண்களை அப்படியே `np.linalg.lstsq`-இடம் கொடுத்தால், நிரல்களின் இடைக்கோணம் மிகச் சிறிதாகவும் அளவு வேறுபாடு பெரிதாகவும் இருப்பதால் பொதுவாக அணியின் தரம் 1 என்று முடிவுசெய்து, வேறொரு விடையைத் தரும். அது திருப்பித் தரும் நான்கு மதிப்புகளில் மூன்றாவது இந்தத் தரம். 2 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தால், விடையை எடுக்காமல் நிரலின் சராசரியைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.