ஒரு கட்டுரை, ஒரு செக்லிஸ்ட்: ஏ4 தாளா, ஏ5 பக்கமா, கூகல் ஷீட்ஸா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் ஒருவர், ‘100 பேருக்கு வாழையிலைச் சாப்பாடு’ என்று கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிப்பவர் அடுத்த மாதம் காதுகுத்தோ நிச்சயதார்த்தமோ வைத்திருப்பவர். அவருக்கு இலவசமாக ஒரு செக்லிஸ்ட் கொடுத்து, அவருடைய தொடர்பு எண்ணையோ மின்னஞ்சலையோ பெற வேண்டும்.

பலர் இங்கே ‘விசேஷ வீட்டுச் செக்லிஸ்ட்’ என்று பொதுவாக ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். பந்தல், மேளம், அழைப்பிதழ் என்று எல்லாம் அதில் இருக்கும். இறக்கிக்கொள்பவர்களும் நிறைய வருவார்கள், ஆனால் சாப்பாடு ஆர்டர் கொடுப்பவர் யார் என்று பிரித்தறிய முடியாது. இலைச் சாப்பாட்டைப் பற்றிய கட்டுரை என்றால் செக்லிஸ்டும் அதோடு நிற்கட்டும். காரணங்களைக் கட்டுரை சொல்லிவிட்டது. பட்டியலில் செய்ய வேண்டியது மட்டும் போதும், அதுவும் கட்டுரையின் தலைப்பு வரிசையில் அல்ல, நாள் வரிசையில். ‘இலையைக் கவனிக்கவும்’ என்றால் எப்போது டிக் அடிப்பது? ‘முந்தின நாள் மாலை: 110 இலை வாங்கி, கிழிந்ததை ஒதுக்கியாச்சு’ என்று எழுதினால் சந்தேகமே இல்லை. இப்படி 20 வரி வந்தால் தாராளம்.

இனி வடிவம். முதலில் எல்லோர் கையும் போவது ஏ4 பிடிஎஃப் பக்கம். போட்டோஸ்டேட் கடையில் அச்சடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்ட அதுதான் வசதி. ஆனால் பெரும்பாலோர் அதைத் திறப்பது கைத்தொலைபேசியில். 210 மில்லிமீட்டர் அகலத் தாள் சுமார் 70 மில்லிமீட்டர் திரைக்குள் சுருங்கும்போது, 12 புள்ளி எழுத்து 4 புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கூகல் ஷீட்ஸ் கணக்குப் போடும், அதுதான் அதன் பலம். `B2` கட்டத்தில் ஆள் எண்ணிக்கையைப் போட்டு, அரிசிக்கு `=B2*0.12` என்று கொடுத்தால், ஆளுக்கு 120 கிராம் வீதம் 100 பேருக்கு 12 கிலோ என்று வந்துவிடும். பகிரும் இணைப்பின் கடைசியில் `/edit` முதல் உள்ளதை எடுத்துவிட்டு `/copy` என்று போட்டால், ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி கிடைக்கும். இதை மறந்துவிட்டு, திருத்தும் அனுமதியோடு இணைப்பைக் கொடுத்தால், ஒருவர் போட்ட எண்ணிக்கை அடுத்தவர் திரையிலும் தெரியும். பிரதி எடுக்க கூகல் கணக்கில் நுழைந்திருக்கவும் வேண்டும். கடவுச்சொல் மறந்த அத்தை அங்கேயே விட்டுவிடுவார்.

எங்கள் தேர்வு ஏ5 பிடிஎஃப். அகலம் 148 மில்லிமீட்டர்தான், அதனால் 14 புள்ளி எழுத்து திரையில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கினாலும் படிக்க முடிகிறது. ஒரு ஏ4 தாளில் இரண்டை அச்சடிக்கலாம். ஷீட்ஸ் செய்யும் கணக்கை இதில் ஒரு சின்ன அட்டவணையே ஈடுகட்டிவிடும்: 50 பேர் 6 கிலோ, 100 பேர் 12 கிலோ, 150 பேர் 18 கிலோ. கூகல் டாக்ஸில் பக்க அளவை ஏ5 ஆக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுதி, பிடிஎஃப் ஆக இறக்குங்கள். டிக் அடிக்கும் பெட்டிக்குக் குறியீடு தேடாமல் அட்டவணையின் காலிக் கட்டத்தையே பயன்படுத்துங்கள், சில எழுத்துருக்களில் அந்தக் குறியீடே இருக்காது. வெளியிடுமுன் வேறொருவர் கைத்தொலைபேசியில் திறந்து ‘கொ’, ‘செ’ இருக்கும் சொற்களைப் பாருங்கள். சில வடிவமைப்புச் செயலிகள் கொம்பை இடம் மாற்றி வைத்துவிடும்.

எதன் வழியாகக் கொடுப்பது? மின்னஞ்சல் படிவம் வைத்தால் பட்டியல் உங்கள் கையில் இருக்கும், பிறகு எத்தனை பேருக்கும் எழுதலாம். ஆனால் பிடிஎஃப் வந்த மின்னஞ்சல் விளம்பரப் பகுதியில் ஒதுங்கிவிட்டால், வாங்கியவருக்கே தெரியாது. உள்ளூர் ஆர்டருக்கு வாட்ஸ்அப்தான் சரி. கட்டுரையில் அரிசி அளவு சொல்லும் பத்திக்கு அடியிலேயே பொத்தானை வையுங்கள்:

```
https://wa.me/601XXXXXXXX?text=ILAI100
```

நாட்டு எண் 60க்குப் பிறகு உங்கள் எண்ணின் முதல் பூஜ்யம் வரக்கூடாது, கூட்டல் குறியும் வேண்டாம். இணைப்பு திறக்காததற்குப் பெரும்பாலும் அந்தப் பூஜ்யம்தான் காரணம். `ILAI100` என்ற சொல், அவர் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தார் என்பதைக் காட்டிவிடும். வாட்ஸ்அப் பிஸ்னஸில் பிடிஎஃப் இணைப்பை விரைவுப் பதிலாகச் சேமித்தால் ஓரிரு தட்டலில் அனுப்பலாம். ஒரு குறை உண்டு: பிறகு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போகும். அதனால் செக்லிஸ்டின் மேலே ‘இந்த எண்ணைச் சேமியுங்கள், தீபாவளி முன்பதிவுச் செய்தி இதில் வரும்’ என்று ஒரு வரி இருக்கட்டும். வியாபாரத்துக்காக எண்களைச் சேர்ப்பதால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். எதற்காக எண்ணை வைத்திருக்கிறீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், தமிழில் மட்டும் எழுதினால் போதாது.